மண்டபத்து வௌவால் படம்: மூன்றாவது கூட்டத்தை அடையாளம் காண உதவுங்கள்

நண்பர்களே, எங்கள் ஊர் பழைய கல்மண்டபத்தில் பகலில் ஜூம் செய்து எடுத்த படம் இது. தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், முகம் தெளிவாகத் தெரியும்.

நடுவில் தொங்குபவை பழந்தின்னிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாய்க்குட்டி போல நீண்ட மூக்கு, பெரிய கண், இறக்கையைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு காலால் மட்டும் தொங்குகின்றன. வலது மூலையில் இருப்பவை பாதி அளவுதான். மூக்கின் மேல் இலை மாதிரி சதை மடிப்பு, கடுகு போன்ற கண். அவை பூச்சி தின்னும் இலைமூக்கு வௌவால்கள். இவையும் காலால்தான் தொங்குகின்றன, அதனால் தொங்கும் விதத்தை மட்டும் நம்ப முடியவில்லை.

குழப்பம் இடது சுவரில். அங்கே ஐந்தாறு, வயிற்றைக் கல்லில் ஒட்டி, மணிக்கட்டையும் ஊன்றிப் பல்லி போல ஒட்டியிருக்கின்றன. கண் பெரிது, மூக்கில் இலை இல்லை. முகத்தை மட்டும் பார்த்தால் பழந்தின்னிதான் என்பீர்கள். ஒட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் பூச்சியுண்ணும் கல்லறை வௌவால் என்று தோன்றுகிறது.

பழந்தின்னியின் இறக்கையில் கட்டைவிரலோடு இரண்டாம் விரலிலும் நகம் இருக்கும். காதுத்துளைக்கு முன்னால் சிறு மடல் இருக்காது. இடது ஓரத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, இரண்டாம் விரலில் நகமும் காதில் அந்த மடலும் இருக்கின்றனவா இல்லையா என்று சொல்லுங்களேன். குட்டிகள் இருப்பதால் கிட்டப் போய் மறுபடி எடுக்க மனமில்லை.