விருந்தில் மிஞ்சிய சோறு: 4 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

விருந்து மேலாளர்: மதிய விருந்தில் மிஞ்சிய சோற்றை 3 மணிக்குப் பொட்டலம் கட்டி 5 மணிக்கு ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொண்டுபோனோம். வாங்க மறுத்துவிட்டார்கள். கட்டியதிலிருந்து 4 மணி நேரம் தாங்கும் என்பதுகூடவா தெரியாது?

பெரிய அடுப்பு: கட்டிய நேரம் கணக்கிலேயே வராது. சோற்றின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதிலிருந்து எண்ண வேண்டும். அடுப்பிலிருந்து எப்போது இறக்கினீர்கள்?

விருந்து மேலாளர்: 12 மணிக்கு. ஆனால் கட்டும்போதும் ஆவி பறந்தது.

பெரிய அடுப்பு: 50 டிகிரியிலும் ஆவி வரும். கம்பி வெப்பமானியை நடுவிலும் ஓரத்திலும் குத்திப் பார்த்தீர்களா? மூடி திறந்து பரிமாறிய பாத்திரத்தில் ஓரச் சோறு முதலில் ஆறும். 12:30க்கு 60க்குக் கீழே போயிருந்தால் உங்கள் 4 மணி நேரம் 4:30க்கே முடிந்தது. அவர்கள் இரவு 7 மணிக்குச் சாப்பிடுவார்கள். மறுத்தது சரி.

ஊர்சுற்றி: ஏன் இவ்வளவு பயம்? அங்கே மறுபடி நன்றாகச் சூடாக்கினால் கிருமி செத்துவிடும்.

பெரிய அடுப்பு: கிருமி சாகும், அது சரி. ஆனால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து, வாந்தி வரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. வாசனையிலும் தெரியாது.



சமையலம்மா: எங்கள் கூடத்தில் யாருக்கும் பரிமாறாத சோற்றைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் கொடுத்தோம். அப்படியும் நடுவில் கெட்டுப்போயிருந்தது.

பெரிய அடுப்பு: எதில் வைத்தீர்கள்?

சமையலம்மா: ஆழமான டப்பாவில், மூடி போட்டு.

பெரிய அடுப்பு: அதுதான் காரணம். நடுச்சோறு இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும். 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இல்லாமல் அகலத் தட்டுகளில் பரப்பி, ஆறும்வரை மூடியை இறுக்காமல் வைக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் 60இலிருந்து 21க்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5க்கும் வர வேண்டும். அப்புறம்தான் இறுக மூட வேண்டும்.

சமையலம்மா: விருந்து முடிந்த அசதியில் யார் அத்தனை தட்டு தேடுவது?

விருந்து மேலாளர்: தட்டுக் கதை எனக்கு வேண்டாம். 3 மணிக்குக் கட்டினேன், 5 மணிக்குக் கொடுத்தேன். இரண்டே மணி நேரம்.

பெரிய அடுப்பு: திரும்பத் திரும்பக் கட்டிய நேரத்தையே சொல்கிறீர்கள். பொட்டலத்தில் இறக்கிய நேரத்தை எழுதினீர்களா?

விருந்து மேலாளர்: எழுதினால் யாருமே வாங்கமாட்டார்கள்.

ஊர்சுற்றி: அவர் நல்லது செய்ய வந்தவர். குற்றவாளிபோல விசாரிக்காதீர்கள்.

பெரிய அடுப்பு: சாப்பிடப்போவது குழந்தைகளும் முதியவர்களும். விசாரிக்கத்தான் செய்வேன். 12:30க்கு எத்தனை டிகிரி இருந்தது?

விருந்து மேலாளர்: கட்டியது 3 மணிக்கு. என் கணக்கில் மாற்றமில்லை.