புதுப்பிப்பு: பராமரிப்புத் துறை பட்ஜெட், நிர்வாகத்திடம் கொடுத்த பிறகு

என் பழைய கேள்வி: "டிசம்பர் வரைக்கும்தான் செலவுக் கணக்கு இருக்கு. இதை வச்சு அடுத்த வருஷத்துக்கு ஒவ்வொரு இனத்தையும் எப்படி நியாயப்படுத்துறது?"

ஒன்பது மாதச் செலவை ஒன்பதால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்ன நண்பர் சொன்னது பாதி சரி. எண்ணெய், பேரிங் போல மாதாமாதம் போகும் செலவுக்கு அது பொருந்தும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஏப்ரலிலேயே முழுத்தொகை 8 லட்சம் கட்டிவிட்டோம். அதையும் பெருக்கினால் 10.67 லட்சம் ஆகிவிடும். அதனால் 8 லட்சத்தை அப்படியே வைத்து, புதிய விலைப்புள்ளியில் கூடிய தொகையை மட்டும் தனியாகக் காட்டினேன்.

உதிரிபாகம் 18 லட்சம். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா சொன்னபடி பேரேட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதில் 6 லட்சம் கம்ப்ரஸர் ஓவர்ஹால், ஒருமுறைச் செலவு. மீதி 12 லட்சம், முழு வருஷத்துக்கு 16 லட்சம். இந்தப் பிரிப்பைப் பார்த்ததும் நிதி மேலாளர் அந்த இனத்தில் கை வைக்கவில்லை. பில் நகலோடு போனது ரொம்ப உதவியது.

ஆள் சம்பளம் பற்றிக் கேட்ட தம்பிக்கு: எங்களுக்கு அது மனிதவளத் துறையின் பட்ஜெட்டில் வரும்.

பொருள் வந்தும் பில் வராத ஆர்டர்களை நடப்புச் செலவில் சேர்ப்பதா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் எப்படி?