நாலாவது மெயிலுக்கு வந்த ஒரு வரி

ஹட்டன்காரன்
ரெண்டு வருசமாச்சு, இன்னும் மனசில நிக்குது. நான் டீ சாக்கு விக்கிறேன், படை படையா கிராஃப்ட் கடதாசி, உள்ளுக்கு ஃபொயில். கொழும்பில் ஒரு தோட்டக் கொம்பனியின் கொள்முதல் மெனேஜருக்கு வரிசையா நாலு மெயில் போட்டேன். முதலாவதில் எங்கள் கொம்பனியின் கதை, கூடவே 8 எம்பி கேட்டலொக். ரெண்டாவதும் மூணாவதும் "முந்திய மெயிலைப் பார்த்தீங்களா?" நாலாவதில் "இந்த மாதம் மட்டும் விலைக்கழிவு". அதுக்குத்தான் பதில் வந்தது: "தம்பி, ஓ.பி. சாக்குக்கும் டஸ்ட் சாக்குக்கும் என்ன வித்தியாசம்?"

ஓ.பி. நீட்டு இலைத் தேயிலை, டஸ்ட் பொடித் தேயிலை. சாக்கில என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியல. பதிலும் எழுதல.

பிறகு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பெக்டரிக்குப் போனேன். டீமேக்கர் ஐயா நான் கொண்டுபோன சாம்பிள் சாக்கைப் பிரிச்சு, பல்புக்கு நேரா வாயைத் திருப்பி, உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். நாலா மடிச்ச இடமெல்லாம் ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் கசிஞ்சது. "தேயிலையைச் சுமார் மூணு வீத ஈரத்தில கட்டுறோம். ஏழைத் தாண்டினா கெட்டுப்போகும். ஓட்டை வழியாத்தான் ஈரம் ஏறும்"னார். டஸ்ட் கனம், ஓ.பி. உப்பி நிக்கும், ஒரே சாக்கில் ரெண்டுக்கும் ஒரே நிறை வராது என்றதையும் அங்கேதான் படிச்சேன்.

அதுக்குப் பிறகு மூணே மெயில்தான். முதலாவது அஞ்சு வரி: எந்தத் தரத்துக்குச் சாக்கு அதிகம் போகுது என்று ஒரு கேள்வி. நாலு நாள் கழிச்சு அந்த மடிப்புப் படம், கீழே ரெண்டு வரி. அடுத்த வாரம், பத்துச் சாக்கு அனுப்புறேன், நிரப்பி அடுக்கிப் பாருங்க என்று. அதோட நிறுத்திடுவேன். 31 பேருக்குப் போனதில் 4 பேர் எழுதினாங்க, ஒருத்தர் இப்போ வாங்குறார். அந்த முதல் மெனேஜருக்கு மட்டும் திரும்ப எழுதக் கை வரல.

கொள்முதல் மேசை
தம்பி, நான் அந்தப் பக்கம் இருக்கிறவள், 11 வருசமா. கேட்டலொக் இணைச்ச மெயில் பாதி எங்கள் கண்ணுக்கே வராது, வடிகட்டியில நிக்கும். மீதியை லிஃப்டில போனில பார்ப்போம், முதல் ரெண்டு வரிக்கு மேலே கண் போகாது.

ஆனா நீங்க எழுதாத ஒண்ணு இருக்கு, காலம். மேற்குப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச், ஊவாவுக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர், நல்ல விலைத் தேயிலை வார நேரம். அப்போ புதுச் சாக்கைப் பரீட்சை பார்க்க யாருக்கும் துணிச்சல் வராது. ஒரு சாக்கு கிழிஞ்சு நிறை குறைஞ்சா அந்தக் கேள்வி என் மேசைக்குத்தான் வரும். சீசனுக்கு மூணு மாதம் முன்னாடி எழுதுங்க. நான் சப்ளையரை மாத்தினது ஒரே தடவை. சாக்கு லொறி வராம பெக்டரியில தேயிலை தேங்கின கிழமை அது. அன்றைக்கு எழுதியிருந்தவருக்குத்தான் கோல் எடுத்தேன், அவர் விலை குறைவும் இல்லை.

கண்டி விற்பனை
மெயிலைத் திறந்தாங்களா என்று பார்க்கிற வசதியைப் போடுங்க அண்ணன். அஞ்சு தரம் திறந்திருந்தா அவருக்குத் தேவை இருக்கு, உடனே போன் எடுக்கணும். அப்படித்தான் எனக்கு ஒரு ஸ்ட்ரெச் ஃபில்ம் ஓடர் கிடைச்சது.

கொள்முதல் மேசை
கிடைச்சிருக்கலாம். ஆனா அந்த அஞ்சில நாலு எங்கள் பாதுகாப்பு மென்பொருள் திறந்ததா இருக்கும். மெயிலுக்குள்ளே ஒளிச்சு வைக்கிற ஒரு படம் இறங்கினாத்தான் திறந்ததாக் கணக்கு. ஆப்பிள் மெயிலும் 2021 முதல் அந்தப் படத்தைத் தானே இறக்கி வைக்குது. கூட்டத்தில இருந்த என்னை ஒருத்தர் கூப்பிட்டு "இப்பத்தானே திறந்தீங்க மேடம்" என்றார். நான் திறக்கவே இல்லை. அவர் நம்பரைத் தடுத்துட்டேன்.

வெலிமடை
ஈரம் பற்றிப் பேசினதால சொல்றேன். போன வருசம் என் லீக்ஸ் தம்புள்ளை போய் இறங்கும்போது பாதி அழுகல். சாக்கில அமுக்கிக் கட்டினதுதான் காரணம். நீங்களும் பிளாஸ்டிக் கூடைக்கு மாறுங்க. பக்கத்தில ஓட்டை இருக்கும், காத்து ஓடும். ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்கினாலும் பாரம் கூடையிலதான் நிக்கும், காயில விழாது. லொறிக்காரர் கூடையைத் திருப்பித் தர மாட்டார், அதனால முதலே எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்குங்க, அடிக்குப் பழைய கடதாசி விரிங்க, வெயிலில ஏத்தாதீங்க.

ஹட்டன்காரன்
அண்ணன், தேயிலைக்குக் காத்து படவே கூடாது. உங்கள் லீக்ஸுக்கு அது சரி.

அக்கா, அந்த மெனேஜருக்கு இப்படி எழுதி வச்சிருக்கேன்: "ஐயா, ரெண்டு வருசம் முன்னாடி நீங்க கேட்ட கேள்விக்குப் பதில்: ஓ.பி. உப்பி நிக்கும், டஸ்ட் இறுகும். உங்கள் டஸ்டுக்கு எந்த அளவுச் சாக்கு பாவிக்கிறீங்க?" அனுப்பலாமா?

கண்டி விற்பனை
ரெண்டு வருசத்துக்குப் பிறகா? அவருக்கு ஞாபகமே இருக்காது. புதுசா தொடங்குங்க.

கொள்முதல் மேசை
அந்தப் பழைய மெயிலுக்கே ரிப்ளை போடுங்க, அவர் கேள்வி கீழே தெரியணும். அவர் எந்தப் பக்கம், ஊவாவா?

ஹட்டன்காரன்
ஊவாதான். இப்போ ஓகஸ்ட்.