“மாதம் 1% மட்டுமே”: இந்த நோட்டீஸை எப்படித் திருத்துவது?

நோட்டீஸ் எழுதுபவர்:
ஒரு சிறிய நிதி நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதித் தருகிறேன். மேலே பெரிய எழுத்தில் “ரூ.1,00,000 கடன், வட்டி மாதம் 1% மட்டுமே” என்றும், அடியில் பொடி எழுத்தில் “ஃப்ளாட் முறை, 24 மாதம், பிராசசிங் கட்டணம் 2%, ஜிஎஸ்டி தனி” என்றும் இருக்கிறது. எதையும் மறைக்க வேண்டாம் என்கிறார் மேலாளர். பொடி எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா?

பழைய தணிக்கையாளர்:
போதாது. இங்கே மறைந்திருப்பது அடிக்குறிப்பு அல்ல, மேலே பெரிதாக நிற்கும் அந்த 1% தான். ஃப்ளாட் முறையில் 24 மாதமும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். ஆகவே வட்டி ரூ.24,000, தவணை ரூ.5,167. ஆனால் கடன் வாங்கியவர் மாதாமாதம் அசலையும் திருப்பிக்கொண்டே வருவதால், முழு ஒரு லட்சம் அவரிடம் முதல் மாதம் மட்டுமே இருக்கிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் இதே தவணை ஆண்டுக்குச் சுமார் 21.6% ஆகிறது. கட்டணம் ரூ.2,000, அதன்மேல் 18% ஜிஎஸ்டி ரூ.360, இவை பிடிக்கப்பட்டுக் கைக்கு வருவது ரூ.97,640 மட்டுமே என்பதால், கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஆண்டு வட்டியான ஏபிஆர் 24 சதவீதத்தைத் தொடுகிறது. ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு வட்டி என்று அழைத்து இரண்டு வட்டி வாங்குகிறார்கள்.

விற்பனைப் பிரிவிலிருந்து:
கணக்கை மறுக்கவில்லை. ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கெல்லாம் ஏபிஆர் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது. வாடிக்கையாளர் கையெழுத்துக்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார். நோட்டீஸின் வேலை அவரை உள்ளே அழைப்பதுதான். அதில் ஏபிஆரைப் போட்டால், போடாத பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

பழைய தணிக்கையாளர்:
விதி இருப்பது உண்மை. அறிக்கையில் சொல்லாத கட்டணத்தைக் கடன்காலத்தில் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் கைக்கு வருவதற்குள் அவர் ஆவணங்களைக் கொடுத்து, அந்தப் பணத்தை நம்பி ஒரு செலவுக்கு வாக்கும் கொடுத்திருப்பார். இரண்டு இடங்களில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் நேரம் நோட்டீஸைப் படிக்கும் நேரமே.

வண்டிக் கடன்காரி:
என் வண்டிக் கடனும் அச்சு அசலாக இதே கணக்குதான். ஓராண்டு ஒழுங்காகக் கட்டி, ஏறக்குறைய ரூ.62,000 செலுத்திய பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று கேட்டால், அசல் மட்டும் ரூ.55,000க்கு மேல் பாக்கி என்றார்கள். பாதி அசல் போயிருக்க வேண்டாமா? முன்கூட்டி அடைப்பதற்கான அபராதத்தை அசலுக்குள் ஒளித்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பழைய தணிக்கையாளர்:
அம்மா, அது அபராதம் அல்ல. 21.6 சதவீதத்தில் 12 தவணைக்குப் பின் நிலுவை சுமார் ரூ.55,300 தான் வரும், ஏனெனில் தொடக்கத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம். விளம்பரத்தில் ஃப்ளாட் முறையைக் காட்டுகிறவர்கள், கடனை முடிக்க வரும்போது குறையும் நிலுவைக் கணக்குக்குத் தாவிவிடுகிறார்கள் என்பதற்கு உங்கள் கடனே சாட்சி. முன்கூட்டி அடைக்கும் கட்டணம் இருந்தால் அது தனி வரியாக வந்திருக்கும். கணக்குத் தாளைக் கேட்டுப் பாருங்கள்.

நோட்டீஸை இப்படி எழுதலாம்:

“ரூ.1,00,000 கடன். கட்டணமும் ஜிஎஸ்டியும் ரூ.2,360 போக, உங்கள் கைக்கு ரூ.97,640. மாதம் ரூ.5,167 வீதம் 24 தவணை. மொத்தம் நீங்கள் கட்டுவது ரூ.1,24,008. கட்டணம் உட்பட ஆண்டு வட்டி (ஏபிஆர்) சுமார் 24%.”

இவை எல்லாம் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். தவணை தவறினால் விதிக்கும் தொகை ஏபிஆரில் சேராது; அதை ரூபாயில் தனியாகச் சொல்லுங்கள். “மாதம் 1%” அடியோடு போக வேண்டும். அது ஓரத்தில் இருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

விற்பனைப் பிரிவிலிருந்து:
கைக்கு வரும் தொகையையும் மொத்தத் தொகையையும் போடுவதை ஏற்கிறேன். சதவீதத்தைவிட ரூபாய்தான் எங்கள் வாடிக்கையாளருக்குப் புரியும். ஆனால் எங்களிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு விகிதம். எவருடைய 24 சதவீதத்தை அச்சிடுவது?

பழைய தணிக்கையாளர்:
பிரிட்டனில், விளம்பரத்தில் காட்டும் ஏபிஆர், அந்த விளம்பரத்தால் கடன் பெறுவோரில் குறைந்தது 51 சதவீதத்தினருக்கு அந்த அளவிலோ அதற்குக் குறைவாகவோ கிடைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு நீங்கள் கொடுத்த கடன்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் போடலாமே.

விற்பனைப் பிரிவிலிருந்து:
மீதிப் பாதிப் பேர் அதைவிட அதிகம் கட்டுவார்களே, அவர்களுக்கு அந்த எண் பொய்தானே? மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் சேர்த்துப் போடுவதே நேர்மை என்பேன்.

நோட்டீஸ் எழுதுபவர்:
மேலாளரிடம் இரண்டு வடிவங்களையும் கொடுக்கிறேன். “1%” இல்லாமல் அச்சடிக்க அவர் சம்மதிப்பாரா என்பதுதான் சந்தேகம்.