[கலைச்சொல்] டேப் விசை நிற்கும் இடத்தைச் சுற்றும் கோட்டுக்கு என்ன பெயர்?

தர்மபுரி, மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் தரும் விவசாயிகள் பதிவு செய்வதற்கான இணையப் பக்கம் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மவுஸைத் தொடாமல் டேப் விசையால் நகரும்போது, அடுத்து அழுத்தும் விசை எந்தப் பெட்டிக்கு அல்லது பட்டனுக்குப் போகுமோ அதைச் சுற்றி ஒரு கோடு தோன்றுமல்லவா, அதற்குச் சொல் வேண்டும். நிரலில் அதன் பெயர் `outline`. இப்போதைக்குக் 'குவிய வெளிக்கோடு' என்று எழுதியிருக்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நீளம்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'கோடு' எதற்கு? நம்மிடம் 'வரை' இருக்கிறது. வரைதல் என்றால் கோடு இழுத்தல். வரை என்றால் எல்லையும்கூட. 'அதுவரை', 'இதுவரை' என்கிறோமே. சங்கப் பாட்டில் வரை மலையையும் குறிக்கிறது. 'வரம்பு', 'வரப்பு', 'வரி' எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. எனவே 'குவிவரை'. வினைத்தொகை, நான்கே எழுத்து. குவிந்த வரை, குவிகின்ற வரை, குவியும் வரை என முக்காலத்துக்கும் பொருந்தும்.

ஓசூர், பக்க வடிவமைப்பாளர்:

அந்தப் பக்கத்தை வடிவமைத்தவன் நான்தான். அந்தக் கோட்டை `outline: none` என்று எழுதி நீக்கியிருக்கிறேன். பட்டனை மவுஸால் அழுத்திய பிறகும் அதைச் சுற்றிக் கோடு நிற்பது அசிங்கமாக இருக்கிறது என்று பணி கொடுத்தவர்கள் சொன்னார்கள். பதிலாகப் பெட்டியின் கரையைத் தடிமனாக்கிவிட்டேன், அதுவும் அதே வேலையைச் செய்கிறது. அதனால் கையேட்டிலும் 'குவியக் கரை' என்றே போடலாம்.

கிருஷ்ணகிரி, அணுகல் சோதனை செய்பவர்:

தம்பி, கரை வேறு, இது வேறு. சொல்லைத் தீர்மானிக்கும் முன் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். `border` பெட்டியின் உடம்பைச் சேர்ந்தது, அதற்கு இடம் உண்டு. கரையை 1 பிக்சலிலிருந்து 3 ஆக்கினால் பெட்டி வளரும், கீழே உள்ள வரிகள் எல்லாம் நகரும். டேப் அழுத்த அழுத்தப் பக்கம் துள்ளுவதை நீங்களே பார்க்கலாம். `outline` இடம் பிடிக்காது. பெட்டிக்கு வெளியே தள்ளியும் நிற்கும், அருகில் உள்ள எதையும் அசைக்காது. 'கரை' என்று எழுதினால் அடுத்து வரும் நிரலாளரும் உங்களைப் போலவே கரையைத்தான் தொடுவார்.

மவுஸ் அழுத்தினால் கோடு நிற்கிறது என்ற குறைக்கு நீக்குவது மருந்தல்ல. `:focus` என்று எழுதிய இடத்தில் `:focus-visible` என்று எழுதுங்கள். விசைப்பலகையால் வந்தவருக்குக் கோடு தெரியும், பட்டனை மவுஸால் அழுத்தியவருக்குத் தெரியாது. சஃபாரியும் 2022 இல் இதை ஏற்ற பிறகு எல்லா முக்கிய உலாவிகளிலும் இது இருக்கிறது.

காவேரிப்பட்டணம், இ-சேவை மையம் நடத்துபவர்:

எனக்கு இலக்கணம் தெரியாது ஐயா. என் மையத்தில் சான்றிதழ் விண்ணப்பங்களை நாள் முழுக்க டேப் விசையால்தான் நிரப்புகிறேன், மவுஸை எடுத்தால் கை வலிக்கிறது. ஒரு பக்கத்தில் இந்தக் கோடு இல்லை. 'சமர்ப்பி' என்று நினைத்து என்டர் தட்டினேன், அது 'அழி' பட்டன். வரிசையில் நின்றவரின் விவரம் முழுவதும் போய்விட்டது. நாங்கள் அதை 'நிற்கிற கட்டம்' என்போம். அதையே போடக் கூடாதா? ஆதார் எண் பெட்டியில் மட்டும் மவுஸால் அழுத்தினாலும் கட்டம் வருகிறதே, அது பிழையா?

கிருஷ்ணகிரி, அணுகல் சோதனை செய்பவர்:

பிழையில்லை ஐயா. எழுதும் பெட்டிக்குள் எப்படி நுழைந்தாலும் அடுத்து விசைப்பலகைதான் தேவைப்படும். அதனால் அங்கே கோட்டை எப்போதும் காட்டுகிறார்கள்.

ஓசூர், பக்க வடிவமைப்பாளர்:

சரி, கோட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பக்கத்தின் நிறத்துக்கு ஒத்துப்போகும்படி மாம்பழ மஞ்சள் `#ffc107`, 2 பிக்சல். அழகாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி, அணுகல் சோதனை செய்பவர்:

அழகு சரி, வெயிலில் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தளத்தில் அந்த மஞ்சளின் நிற வேறுபாடு 1.6:1 அளவுதான். இணைய உள்ளடக்க அணுகல் நெறிகள் கேட்பது குறைந்தது 3:1. உங்கள் பட்டனின் கரும்பச்சை `#1b5e20` வெள்ளையில் ஏறக்குறைய 7.9:1. அதையே கோட்டுக்கும் எடுத்து, பட்டனுக்கும் கோட்டுக்கும் நடுவில் 3 பிக்சல் வெள்ளை இடைவெளி விட்டால் இரண்டும் ஒட்டாமல் தனித்துத் தெரியும். மேலே உள்ள தலைப்புப் பட்டை கரும்பச்சை, அங்கே பச்சைக் கோடு மறைந்துபோகும். மஞ்சளுக்கு இடம் அதுதான், பச்சையின் மேல் 4.8:1 வருகிறது.

```css
:focus-visible {
  outline: 3px solid #1b5e20;
  outline-offset: 3px;
}
header :focus-visible {
  outline-color: #ffc107;
}
```

புதிய நிறம் எதுவும் சேர்க்கவில்லை, உங்கள் இரண்டு நிறங்களேதான். மா வகைகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மட்டும் கோட்டின் இரு பக்கமும் வெட்டுப்படும், அந்தப் பெட்டிக்கு `overflow: hidden` கொடுத்திருக்கிறீர்கள். அங்கே இடைவெளியை `-3px` ஆக்கினால் கோடு உள்ளே வந்துவிடும்.

அரூர், கணினி ஆசிரியை:

சொல்லுக்கு வருவோம். 'குவிவரை'யைப் பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். பாதிப் பேர் 'குவியும் வரைக்கும்' என்று படித்தார்கள், மீதிப் பேர் குவிலென்சைப் பற்றிக் கேட்டார்கள். தமிழாசிரியர் ஐயா பெருமையாகச் சொன்ன அந்த எல்லைப் பொருளே இங்கே தடையாக நிற்கிறது. எனக்குக் 'குவியம்' என்பதிலேயே உடன்பாடு இல்லை. ஒளிக்கதிர்கள் ஓரிடத்தில் கூடுவதற்கு வைத்த பெயர் அது. இங்கே எதுவும் கூடவில்லை, விசை அழுத்தத்தைப் பெறும் முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது. 'முறைக்கோடு' என்றால் என்ன?

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, மாணவர் தவறாகப் படிப்பதற்காகச் சொல்லை விட்டுவிட முடியாது, படிக்கக் கற்பிக்க வேண்டும். தர்மபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்களைப் பாருங்கள். வீரனைச் சுற்றிக் கல்லைக் குடைந்து அவன் உருவத்தை மட்டும் மேலெழ நிறுத்தியிருப்பார்கள். அந்த விளிம்புக்கு 'உருவரை' என்பது எவ்வளவு பொருத்தம்! 'வரை'யை நான் விட மாட்டேன். 'முறைக்கோடு' என்றால் முறையாகப் போட்ட கோடு என்று ஆகும்.

தர்மபுரி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து மறுபடி கேட்டுவிட்டார்கள். 'குவியம்' ஏற்கெனவே பல மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் புழங்குகிறது, அதை நான் தனியாக மாற்ற முடியாது. 'குவியக் கோடு' என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றித் தெரியும் கோடு' என்ற வரியும் சேரும், அது காவேரிப்பட்டணத்து ஐயா தந்தது. 'கரை' வேண்டாம் என்பதில் ஓசூர்த் தம்பி உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூர், பக்க வடிவமைப்பாளர்:

ஒத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். மேக் கணினியின் சஃபாரியில் டேப் அழுத்தினால் இணைப்புகளைத் தாண்டிப் பெட்டிகளுக்குப் போகிறது. நிரலில் எதை விட்டுவிட்டேன்?

கிருஷ்ணகிரி, அணுகல் சோதனை செய்பவர்:

எதையும் விடவில்லை, சஃபாரியின் இயல்பான அமைப்பு அது. அதன் விருப்பத்தேர்வுகளில் மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஆப்ஷன் விசையோடு டேப் அழுத்தலாம். கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

அரூர், கணினி ஆசிரியை:

கையேட்டில் 'குவியக் கோடு' இருக்கட்டும். என் வகுப்பில் 'முறைக்கோடு' என்றுதான் சொல்லப்போகிறேன். ஆண்டு இறுதியில் மாணவர் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.