ஆய்வாளருக்கு மெயில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. எங்கே தப்பு?

கோத்தகிரிப் பொண்ணு

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிதான் என் ஊர். இப்போது ஜெர்மனியில் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை படிக்கிறேன். வரும் ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் ஆய்வேடு செய்ய வேண்டும். அவலாஞ்சி, மேல்பவானி பக்கத்துப் புல்வெளிகளை வாட்டில் எனப்படும் சீகை மரம் மூடிக்கொண்டு வருவதைப் பற்றித்தான் செய்ய ஆசை. எங்கள் பாட்டி எருமை மேய்த்த இடத்தில் இன்று சீகைக்குள் ஆள் நுழைய வழியில்லை.

இதில் பல வருடமாக வேலை செய்யும் ஓர் ஆய்வாளருக்கு ஆங்கிலத்தில் மெயில் போட்டேன். தலைப்பில் "ப்ராஜெக்ட் பொசிஷன் தொடர்பாக" என்று போட்டிருந்தேன். உள்ளே எழுதியதன் சாரம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா, நான் ஜெர்மனியில் முதுகலை மாணவி. தங்கள் ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்தன. சிறு வயது முதலே இயற்கை மீது எனக்கு ஆர்வம் உண்டு. தங்கள் குழுவில் ஏதேனும் ப்ராஜெக்ட் பொசிஷன் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். பயோடேட்டா இணைத்துள்ளேன்.

இதில் என்ன குறை? திரும்ப அனுப்பலாமா?

குன்னூர் அம்மா

என் மகனும் ஜெர்மனிக்குத்தான் விண்ணப்பிக்கிறான் கண்ணு. ஏ.பி.எஸ். சான்றிதழ் கையில் இல்லாமல் அங்கே எந்தப் பல்கலைக்கழகமும் பார்க்காது என்றார்கள். முதலில் அதை வாங்கினாயா? எங்களுக்கு அதற்கே ரொம்ப நாள் ஆனது.

கோத்தகிரிப் பொண்ணு

அம்மா, நான் அங்கே சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது அங்கிருந்து நம் ஊர் ஆய்வாளரிடம் கேட்கிறேன். தம்பிக்கு ஏ.பி.எஸ். பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

கொடைக்கானல்காரன்

ஒருத்தரையே நம்பி உட்காராதீர்கள். இதே மெயிலை முப்பது பேருக்கு அனுப்புங்கள், ரெண்டு பேராவது பதில் போடுவார்கள். நம் ஊர் நேரம் காலை ஒன்பது மணிக்கு, செவ்வாய் அல்லது புதன் அனுப்புங்கள். வெள்ளி மாலை அனுப்பினால் திங்களன்று அடியில் போய்விடும்.

சோலைக்குருவி

நான் மேல் நீலகிரியில் ஏழு வருடம் ப்ராஜெக்டில் இருந்தேன். எங்கள் குழுத் தலைவருக்கு வரும் இந்த மாதிரி மெயில்களை முதலில் படிக்கும் வேலை என்னுடையது. கொடைக்கானல் அண்ணன் நேரத்தைப் பற்றிச் சொன்னது சரி. நாலைந்து பேரைக் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் ஒரே மெயில் முப்பது பேருக்குப் போனால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இந்தத் துறை சின்னது, ரெண்டு பேர் பேசிக்கொண்டாலே போதும்.

தங்கச்சி, உன் மெயிலில் பெரிய குறை "பொசிஷன்" என்ற அந்த ஒரு சொல்தான். இங்கே அதற்கு மூன்று அர்த்தம். ஒன்று, சம்பளத்தோடு ப்ராஜெக்ட் வேலை. அதை ஆய்வாளர் நினைத்தபடி தூக்கிக் கொடுக்க முடியாது, அறிவிப்பு வெளியிட்டு நேர்காணல் வைக்க வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்றால் நெட் அல்லது கேட் தேர்ச்சி கேட்பார்கள். 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய் என்பதால் போட்டியும் அதிகம். இரண்டாவது, பி.எச்டி. இடம். மூன்றாவது, சம்பளம் இல்லாமல் ஆய்வேட்டுக்கு வழிகாட்டுதல். உனக்கு வேண்டியது மூன்றாவது. அவர் படித்தது முதலாவது. காலி இடம் இல்லை, அதனால் பதிலும் இல்லை. நானே அப்படி எத்தனையோ மெயிலைக் கடந்து போயிருக்கிறேன்.

அடுத்து, உன்னால் என்ன செய்ய முடியும் என்று மெயிலில் ஒரு வரிகூட இல்லை. செயற்கைக்கோள் படம் கையாளத் தெரியுமா?

கோத்தகிரிப் பொண்ணு

தெரியும் அண்ணா. போன பருவத்தில் சென்டினல்-2 படங்களை வைத்து ஒரு ஜெர்மன் காட்டை QGIS-இல் வகைப்படுத்தினேன். பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

சோலைக்குருவி

இரண்டாம் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. அது மெயிலின் முதல் பத்தியில் வர வேண்டிய விஷயம்.

இன்னொன்று, காலம். ஜூனில் மழை இறங்கினால் மேல் நீலகிரி மாதக்கணக்கில் மேகத்துக்குள்தான், அப்போது எடுத்த படம் உதவாது. ஜனவரி முதல் மார்ச் வரை உறைபனியிலும் வெயிலிலும் புல் காய்ந்து பழுப்பாகிவிடும், சீகை பச்சையாகவே நிற்கும், படத்தில் பளிச்சென்று பிரியும். சீகையையும் சோலையையும் பிரிப்பதுதான் கஷ்டம், ரெண்டும் பச்சை. அதற்கு நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். அதனால் படங்களை அங்கேயே தயார் செய்துகொண்டு, ஏப்ரல், மே இரண்டு மாதமும் களத்தில் சரிபார்க்கிறேன் என்று எழுது. அதை எழுதினாலே இந்த மலை தெரிந்த பெண் என்று அவருக்குப் புரியும்.

மூன்றாவது, அனுமதி. முக்குர்த்தி தேசியப் பூங்காவுக்குள் போக வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். அனுமதிக் கடிதத்தில் பெயர் இருப்பவர்தான் உள்ளே போகலாம். மெயிலைப் படிக்கும்போதே "இந்தப் பெண்ணுக்காக நான் எத்தனை கடிதம் எழுத வேண்டும்" என்று ஆய்வாளர் மனசுக்குள் கணக்குப் போடுவார். பூங்காவுக்கு வெளியே, சாலையோரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடங்களோடு தொடங்கத் தயார் என்று நீயே சொல்லிவிடு. இலை, மண் எதையும் ஜெர்மனிக்கு எடுத்துப் போக மாட்டேன் என்றும் ஒரு வரி சேர்.

கோத்தகிரிப் பொண்ணு

நேற்று இரவு உட்கார்ந்து மாற்றி எழுதினேன். தலைப்பு: "முதுகலை ஆய்வேடு (ஏப்ரல்–செப்டம்பர், சம்பளம் வேண்டாம்): மேல் நீலகிரிப் புல்வெளியில் சீகை".

> ஐயா, பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018-இல் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்டினல்-2-இன் பத்து மீட்டர் படங்களை வைத்து, மேல் நீலகிரியில் புதிதாகப் பரவும் இளஞ்சீகையைப் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்க்க விரும்புகிறேன். இதே முறையில் ஒரு ஜெர்மன் காட்டை வகைப்படுத்தியிருக்கிறேன், ஒரு பக்க வரைபடம் இணைத்துள்ளேன்.
>
> ஜனவரி–மார்ச் படங்களை இங்கேயே தயார் செய்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் முக்குர்த்திப் பூங்காவுக்கு வெளியே களத்தில் சரிபார்ப்பேன். மாதிரி எதையும் சேகரிக்க மாட்டேன். என் ஊர் கோத்தகிரி, தங்க வீடு இருக்கிறது, படுகும் தமிழும் பேசுவேன். இங்கே ஒரு பேராசிரியர் வழிகாட்டியாக இருக்கிறார். தாங்கள் இணை வழிகாட்டியாக இருக்க முடியுமா? இருபது நிமிடம் பேச நேரம் தந்தால் போதும்.

`CV_final_new(2).pdf` என்று போயிருந்த கோப்புக்கும் என் பெயரை வைத்துவிட்டேன்.

சோலைக்குருவி

இது பதில் வாங்கும் மெயில். "சம்பளம் வேண்டாம்" என்பதைத் தலைப்பிலிருந்து எடுத்து உள்ளே வை. பழைய மெயிலுக்குக் கீழேயே பதிலாக அனுப்பு, "முன்பு தெளிவாக எழுதவில்லை" என்று ஒரு வரி போதும். பத்து நாள் பார்த்துவிட்டு ஒரே ஒரு முறை நினைவூட்டு. அப்புறமும் பதில் இல்லையென்றால் விட்டுவிடு.

கொடைக்கானல்காரன்

சம்பளம் வேண்டாம் என்று தலைப்பிலேயே இருப்பது நல்லது என்பேன் நான். திறப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அது சரி, வெளிநாட்டில் படிக்கிறவருக்குப் பல்லுயிர் ஆணைய அனுமதியும் வேண்டும் என்கிறார்களே? இவர் இந்தியக் குடிமகள்தானே?

சோலைக்குருவி

நல்ல கேள்வி. 2002-ஆம் வருடச் சட்டத்தில், வருமான வரிக் கணக்கின்படி இந்தியாவில் வசிக்காதவர் என்றால் குடிமகளுக்கும் அந்த அனுமதி வேண்டும். ஆனால் அது உயிரியல் வளத்தை எடுத்து ஆய்வு செய்வதற்கு. படத்தை வைத்துக் கணக்கிட்டு, மரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது அதில் வராது என்பது என் புரிதல். ஓர் இலையைப் பறித்தாலும் கதை வேறு.

கோத்தகிரிப் பொண்ணு

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஊரில் இருந்தால் 183 நாள் ஆகிறது. அப்படியானால் அந்த நிதியாண்டில் நான் இந்தியாவில் வசிப்பவள் ஆகிவிடுவேனா, இல்லை போன வருடக் கணக்கைத்தான் பார்ப்பார்களா?

சோலைக்குருவி

அதைத் தரமணியில் இருக்கும் ஆணையத்துக்கே எழுதிக் கேள், பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். மெயிலை அதற்காக நிறுத்தாதே.

கோத்தகிரிப் பொண்ணு

சரி அண்ணா. இன்று புதன், நம் ஊர் நேரம் காலை ஒன்பதுக்கு அனுப்பிவிட்டேன். சம்பள விஷயத்தை உள்ளே தள்ளினேன். ஆணையத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

குன்னூர் அம்மா

பதில் வந்ததும் இங்கே போடு கண்ணு. என் மகனும் இதைப் படித்துவிட்டுத் தன் மெயிலைத் திருத்திக்கொண்டிருக்கிறான்.