“கோபமாகப் பேசினார்” என்று நான் எழுதிய குறிப்பு

மண்டபம் சேல்ஸ்:
மீன் கம்பெனிகளுக்குப் பில் போடும் ஆப் விற்கிறோம். வருஷச் சந்தா. போன வருஷம் ஏப்ரல் 9-ம் தேதி பாம்பன் பக்கம் ஒரு வியாபாரிக்கு ரின்யூவலுக்காகப் போன் போட்டேன். சந்தா 30-ம் தேதி முடிகிறது. மனிதர் எடுத்த எடுப்பிலேயே கத்தினார். பதினொரு நிமிஷம் பேசினோம், முழுக்கக் கத்தல்தான். வைத்ததும் அந்த வாடிக்கையாளரின் ரெக்கார்டில் நான் எழுதியது இது:

“வாடிக்கையாளர் கோபமாகப் பேசினார். விலை அதிகம் என்று நினைக்கிறார். ஆர்வம் இல்லை. விட்டுப்போக வாய்ப்பு மிக அதிகம்.”

மேலாளர் அதைப் பார்த்துவிட்டு மறுநாளே அவரை அழைத்து 20 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றிருக்கிறார். அவர் சொன்ன பதில்: “நான் எப்ப காசக் குறைக்கச் சொன்னேன்? அந்தத் தம்பி காதுல வாங்குச்சா இல்லையா?”

அதற்குப் பிறகுதான் அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். பின்னால் ஐஸ் கட்டி அரைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தை மீறிப் பேசத்தான் கத்தியிருக்கிறார். நடுவில் மிஷின் நின்ற ஒரு நிமிஷத்தில் சாதாரணமாகத்தான் பேசுகிறார், அதுவும் “சாப்டியா தம்பி?” என்று கேட்டுக்கொண்டு.

சரி, குரலை விடுங்கள். அவர் சொன்னது என்ன? “பதினஞ்சாம் தேதியோட போட்டெல்லாம் கட்டிருவாங்க. ரெண்டு மாசம் பில்லே இல்லாம கெடக்குறதுக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்?” இது விலையைப் பற்றிய பேச்சே இல்லை, தேதியைப் பற்றியது. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அவருக்கு வரும் சரக்கு முழுக்க விசைப்படகுச் சரக்கு. நாங்கள் சந்தாத் தேதியை ஜூன் 15-க்குத் தள்ளியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதைவிடப் பெரியது ஒன்றை விட்டிருந்தேன். ஏழாவது நிமிஷத்தில், போகிற போக்கில்: “சிக்னல் போனா ஒரே பில்லு ரெண்டு தடவ ஏறுது. அதான் இப்ப நோட்டுலயும் எழுதி வச்சுக்கிறேன்.” ஆப் கையில் இருக்கும்போதே நோட்டுக்குத் திரும்பிய ஆள்! அது என் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. கோபம் என்று முடிவு கட்டியதும் மற்றதெல்லாம் கோபத்தின் பகுதியாகவே காதில் விழுந்திருக்கிறது.

தொண்டி ரூட்:
எனக்கும் இப்படி ஆயிருக்கு. ஆனால் குரலில் ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீங்கண்ணே. பத்து வருஷம் போன் பேசினவனுக்குத் தெரியும். கத்துகிறவன் போக மாட்டான், “சரி சரி, பார்ப்போம்” என்று தணிவாகப் பேசுகிறவன்தான் போவான். நான் அதை அப்படியே ரெக்கார்டில் எழுதுகிறவன்.

கீழக்கரை ரின்யூவல்:
தொண்டிக்காரர் சொல்வதில் பாதி சரி. குரல் மாறினால் கேள்வி கேட்கத் தோன்ற வேண்டும், அது வரைக்கும்தான். கேட்காமலே அதைப் பதிலாக எழுதக் கூடாது. எங்கள் ஆள் ஒருவர் “சோர்வாக இருந்தார், ஈடுபாடு குறைந்துவிட்டது” என்று எழுதினார். மறுநாள் நான் அதே வாடிக்கையாளரிடம் “நேத்து பேசும்போது ஏதோ யோசனையா இருந்தீங்கன்னு சொன்னாங்க, எங்க பக்கம் ஏதும் குறையா?” என்று கேட்டேன். அவருடைய படகை இலங்கைக் கடற்படை பிடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. எங்கள் சேவையைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை. அந்தச் சங்கதியையும் நான் ரெக்கார்டில் விளக்கமாக எழுதவில்லை. “இந்த மாதம் அழைக்க வேண்டாம் என்றார்” என்று மட்டும் போட்டேன். அவர் வீட்டுக் கஷ்டம் எங்கள் அலுவலகத்தில் பத்துப் பேர் படிக்கவேண்டிய விஷயமா?

மண்டபத் தம்பி, உங்கள் குறிப்பை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பேசியவர்: உரிமையாளரே. ஆட்சேபம் ஒன்று: தடைக்காலத்துக்குச் சந்தா கட்ட விருப்பமில்லை (‘ரெண்டு மாசம் பில்லே இல்லாம’). விலையைப் பற்றிப் பேசவில்லை. ஆட்சேபம் இரண்டு: சிக்னல் விட்டால் பில் இரட்டிக்கிறது, நோட்டிலும் எழுதுகிறார். எத்தனை முறை நடந்தது என்று நாம் கேட்கவில்லை. பின்னணிச் சத்தம் அதிகம். விடும் எண்ணம் இருப்பதாகச் சொல்லவில்லை. அபாயம்: நடுத்தரம், காரணம் நோட்டு. அடுத்தது: 12-ம் தேதிக்குள் சந்தாத் தேதி பற்றிப் பதில்.”

“விலையைப் பற்றிப் பேசவில்லை” என்ற வரியைக் கவனியுங்கள். சொல்லாததையும் சில சமயம் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து படிக்கிறவர் தானாக நிரப்பிக்கொள்வார். உங்கள் மேலாளர் தள்ளுபடிக்குப் போனது அதனால்தான். அப்புறம், போனை வைக்கும் முன் “நீங்க சொன்னது ரெண்டு விஷயம், சரிதானுங்களா?” என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது ஒன்று இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.

இறால் தீவனம்:
வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் பேச்சைப் பதிவு செய்கிறீர்களா? எங்கள் ஊரில் ஒரு பண்ணைக்காரர் அதற்காகவே எங்களை விட்டுவிட்டார். அதைக் கேட்கத்தான் வந்தேன்.

மண்டபம் சேல்ஸ்:
அழைப்பு தொடங்கும்போதே பதிவாகிறது என்ற அறிவிப்பு வரும்ணே. ஆனால் இங்கே பேச்சு குறிப்பு எழுதுவதைப் பற்றி.

ஏர்வாடி டேட்டா:
குறிப்பெல்லாம் எதற்கு, பில் எண்ணிக்கையைப் பாருங்கள். குறைந்தால் போகப் போகிறார். நான் அப்படித்தான் சிவப்புக் கொடி போடுகிறேன்.

கீழக்கரை ரின்யூவல்:
ஏப்ரல் கடைசியில் உங்கள் பட்டியலில் பாதி ராமேஸ்வரம் சிவப்பாகியிருக்குமே! போன மாதத்தோடு ஒப்பிட்டால் தடைக்காலத்தில் எல்லாரும் ஓடிப்போகிறவர்கள்தான். போன வருஷம் இதே மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதிலும் ஒரு பிரிவு உண்டு. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு கடலுக்குப் போகும். வல்லத்துச் சரக்கு எடுக்கிற நண்டு வியாபாரிக்கு மே மாதம் பில் இருக்க வேண்டும். அவரிடம் இரண்டு வாரம் ஒரு பில்கூட இல்லையென்றால் நான் போன் போடுவேன். அதனால் வாடிக்கையாளர் யாரிடம் சரக்கு எடுக்கிறார் என்பதை ரெக்கார்டில் ஒரு தனிக் கட்டமாகவே வைத்திருக்கிறேன்.

ஏர்வாடி டேட்டா:
அது என்னிடம் இல்லை. சேர்க்கிறேன்.

தொண்டி ரூட்:
அக்கா, எல்லாம் சரி. ஆனால் “நடுத்தரம்” என்று நீங்கள் போட்டதும் ஒரு ஊகம்தானே? நான் குரலை வைத்துச் சொன்னேன், நீங்கள் நோட்டை வைத்துச் சொல்கிறீர்கள்.

கீழக்கரை ரின்யூவல்:
ஊகம்தான். ஆனால் என் ஊகத்துக்கு அடியில் அவர் சொன்ன வாக்கியம் இருக்கிறது, படிக்கிறவர் அதைப் பார்த்து “இல்லை, இது குறைவு” என்று மாற்றலாம். “சரி சரி, பார்ப்போம்” என்று அவர் சொன்ன வார்த்தையை எழுதினால் நீங்களும் அதையே செய்கிறீர்கள். “தணிவான குரல்” என்று எழுதினால்தான் யாராலும் சரிபார்க்க முடியாது. போதுமான விவரம் இல்லாதபோது நான் அபாயக் கட்டத்தில் “தெரியவில்லை” என்று போடுகிறேன். எங்கள் மேலாளருக்கு அது பிடிக்கவே பிடிக்காது, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பார். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

இறால் தீவனம்:
அந்த இரட்டைப் பில் விஷயம் என்ன ஆனது? எங்கள் பில் ஆப்பிலும் அதே தொல்லை.

மண்டபம் சேல்ஸ்:
ஜூன் 15-க்குத் தேதி தள்ளியதும் அவர் சந்தா கட்டிவிட்டார். பில் இரட்டிப்பது பாதிதான் சரியாகியிருக்கிறது. முதல் தடவை அமுக்கியது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடி அமுக்குவதால் வருவது அது. இப்போது அமுக்கியவுடன் பட்டன் மங்கிவிடும். ஆனால் ஆப்பை மூடித் திறந்தால் இன்னும் இரண்டாகிறது. போன வாரம் நேரில் போனபோது மேஜையில் அந்த நோட்டு இருந்தது. அன்றைய தேதி வரை எழுதியிருந்தார். ரெக்கார்டில் அதைத்தான் போட்டேன்.